கடை வாடகை: வருஷத்துக்கு 10% ஏற்றம், 4-ஆம் வருஷம் 26,000-ஆ 26,620-ஆ?

வண்ணை ஜவுளி: பழைய வண்ணாரப்பேட்டையில் கடை, 5 வருஷ ஒப்பந்தம். ஆரம்ப வாடகை 20,000. "வருடாவருடம் வாடகையில் 10% உயர்த்தித் தர வேண்டும்" என்று மட்டும் எழுதியிருக்கு. 22,000, 24,000 என்று கட்டி வந்தேன். இந்த மாசம் 4-ஆம் வருஷம் தொடங்குது. ஓனர் 26,620 கேட்கிறார், போன வருஷ பாக்கி 2,400-உம் சேர்த்து. எது சரி?

ராயபுரம் சேகர்: அஞ்சு வருஷம், பத்து பத்தா 50%. கடைசி வருஷம் 30,000 வரும். அதை மனசுல வெச்சுப் பேசுங்க.

கணக்கர் தண்டையார்பேட்டை: சேகர் சார், 5 வருஷத்துல ஏற்றம் 4 தடவைதான். முதல் வருஷம் ஏற்றமே கிடையாது. ஆரம்ப வாடகை மேலேயே 10% போட்டா கடைசி வருஷம் 28,000. முந்தின வருஷ வாடகை மேல போட்டா இப்படி வளரும்: 20,000, 22,000, 24,200, 26,620, 29,282. அதாவது 46.41% ஏற்றம். கால்குலேட்டர்ல இப்படிப் போட்டுப் பாருங்க:

```
20000 × 1.10^4 = 29282
```

இரண்டாம் வருஷம் ரெண்டு கணக்கும் ஒண்ணுதான், அதனால யாரும் கவனிக்க மாட்டாங்க. மூணாம் வருஷம் மாசம் 200, நாலாம் வருஷம் 620, அஞ்சாம் வருஷம் 1,282 கூடும். அஞ்சு வருஷத்துக்கும் சேர்த்து வித்தியாசம் 25,224 ரூபா. அதைவிடப் பெரிய விஷயம், ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது ஓனர் 29,282-லேர்ந்துதான் பேச்சை ஆரம்பிப்பார்.

உங்க சிக்கல் "வாடகையில்" என்ற ஒரே சொல். ஆரம்ப வாடகையா, நடப்பு வாடகையா என்று அதில் இல்லை. போன வருஷம் 24,000-க்கு ரசீது தந்தாரா?

பெரம்பூர் மீனா: எங்க வீட்டு வாடகையும் இப்படித்தான், 11 மாசத்துக்கு ஒரு தடவை 5%. இதுவும் வட்டிக்கு வட்டி மாதிரி ஏறுமா?

கணக்கர் தண்டையார்பேட்டை: கடைசியா கட்டின வாடகை மேல 5% போட்டா ஏறும்மா. 11 மாசக் கணக்குல ஏற்றமும் சீக்கிரம் வரும். வருஷக் கணக்குல அஞ்சாவது ஏற்றம் 61-ஆம் மாசம், உங்களுக்கு 56-ஆம் மாசமே வந்துடும்.

வண்ணை ஜவுளி: 12 மாசத்துக்கும் ரசீது இருக்கு. ஆனா "வாடகை பெறப்பட்டது 24,000" என்று மட்டும்தான். முழு வாடகைன்னு நான் ஒத்துக்கலையேன்னு ஓனர் சொல்றார்.

கணக்கர் தண்டையார்பேட்டை: ஒரு வருஷம் மறுப்பில்லாம வாங்கினது உங்க பக்கம் பேசும், ஆனா அது மட்டுமே முடிவாகாது. மத்த பக்கங்களையும் பாருங்க, எங்கேயாவது "முந்தைய ஆண்டு வாடகை" என்று இருந்தா அவர் கை ஓங்கும். அதுவரை 2,400-ஐக் கட்டாதீங்க, கட்டினா அவர் கணக்கை ஏத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். 26,000-ஐ பேங்க் வழியா அனுப்பி, எந்தக் கணக்குன்னு எழுத்துல சொல்லுங்க. வக்கீல்கிட்ட முழு ஒப்பந்தத்தையும் காட்டுங்க.

ராயபுரம் சேகர்: அப்போ புது ஒப்பந்தத்துல சதவீதமே வேணாம். எந்த மாசத்துலேர்ந்து எவ்வளவு ரூபான்னு வருஷவாரியா எழுதி வாங்கிட்டா?

கணக்கர் தண்டையார்பேட்டை: அதுதான் சரி சார். பராமரிப்புக் கட்டணத்தைத் தனியா எழுதி வைங்க. வாடகையோட கலந்தா அதுக்கும் 10% ஏறும்.

வண்ணை ஜவுளி: 7-ஆம் பக்கத்துல "நடப்பு வாடகை" என்று ஒரு இடத்துல இருக்கு, ஆனா அது அட்வான்ஸ் பத்தின பத்தி. வக்கீல்கிட்ட கேட்டுட்டு வர்றேன்.