ஓஆர்எஸ் நோட்டீஸ் தமிழ் – கொஞ்சம் பாத்து சொல்லுங்க

வயித்துப்போக்கு வந்த குழந்தைக்கு குடுக்குற ஓஆர்எஸ் பொடிய எப்படி கரைக்கணும்னு எங்க ஏரியா அம்மாக்களுக்கு குடுக்க ஒரு நோட்டீஸ், இங்கிலீஷ்ல இருந்தத யாரோ மெஷின்ல போட்டு எடுத்து அனுப்பிருக்காங்க, இப்படி இருக்கு: "பாக்கெட்டின் உள்ளடக்கங்கள் கொதிக்கவைக்கப்பட்டு குளிர்விக்கப்பட்ட ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்கப்பட வேண்டும். 24 மணிநேரத்திற்குள் பயன்படுத்தப்படாத எந்தவொரு கரைசலும் நிராகரிக்கப்பட வேண்டும்."

தப்புன்னு சொல்ல முடியாது, ஆனா வேகமா படிச்சா பொடியத்தான் கொதிக்க வைக்கணும் போலன்னு தோணுது, அதான் பயமா இருக்கு. செய்யுற வரிசைலயே பிரிச்சு எழுதிட்டேன்:

"ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவிடுங்கள். ஆறியதும் பாக்கெட்டில் உள்ள பொடி முழுவதையும் போட்டுக் கலக்குங்கள். 24 மணி நேரத்துக்குப் பிறகு மீதி இருந்தால் கொட்டிவிடுங்கள்."

'படவேண்டும்' எல்லாம் போனதுமே பாதி சரியாயிடுச்சு. மாட்டிக்கிட்டது அடுத்த வரிதான்: "குழந்தை வாந்தி எடுத்தால், 10 நிமிடங்கள் காத்திருந்து, பின்னர் மெதுவாகத் தொடரப்பட வேண்டும்." எதத் தொடரணும், மெதுவான்னா எப்படின்னே இதுல இல்ல. "10 நிமிடம் பொறுத்து, ஒவ்வொரு ஸ்பூனாக, இடைவெளி விட்டுக் கொடுங்கள்"னு போடலாமா? இல்ல ஸ்பூன்னு நானா சேக்குறது ஓவரா? நர்ஸ் யாராச்சும் குரூப்ல இருந்தா சொல்லுங்க ப்ளீஸ், அப்புறம் 'கொடுங்கள்'னே விடவா, 'குடுங்க'ன்னு பேச்சுலயே போட்டுடவா?