கிராஃப்ல மில்லியனுக்கு பதிலா லட்சம், கோடி வரவைக்கிறது எப்படி? அவசரம்!!

கணக்குப்புலி: சேல்ஸ் சார்ட் போட்டிருக்கேன், சைடுல M M-னு வருது. மேனேஜர் "மில்லியன் யாருக்குப்பா புரியும், கோடில போடு"ங்கிறார். நாளைக்கு காலைல மீட்டிங், யாராவது சொல்லுங்களேன்

மழைக்காகம்: எதுல போட்டீங்க? எக்செலா, கூகுள் ஷீட்ஸா? நம்பர் எவ்ளோலருந்து எவ்ளோ வரை?

தெருவிளக்கு: விண்டோஸ்ல ரீஜனை இந்தியான்னு மாத்துங்க, வேலை முடிஞ்சுது

அனுபவஸ்தன்: முடியாது தம்பி. அது கமா விழற இடத்தைத்தான் மாத்தும், 2,60,00,000-னு நீளமா வரும். ஃபைலை வேற ரீஜன் வச்ச மெஷின்ல திறந்தா கமா திரும்ப 26,000,000-னு போயிடும். கேள்விய படிச்சிட்டு பதில் சொல்ற பழக்கம் இங்க யாருக்குமே கிடையாது போல.

கணக்குப்புலி: சாரி, எக்செல்தான். 40 லட்சத்துலருந்து 2.6 கோடி வரை. M வர்றதுக்கு 0.0,,"M" போட்டிருந்தேன், அதுல ஒரு கமாவை எடுத்துப் பார்த்தேன், ஆயிரத்துல வருது

மழைக்காகம்: ஒவ்வொரு கமாவும் ஆயிரத்தாலதான் வகுக்கும், அதனால லட்சம் அந்த வழில வரவே வராது. நான் இதப் போடுவேன்

```
[>=10000000]##\,##\,##\,##0;[>=100000]##\,##\,##0;##,##0
```

அனுபவஸ்தன்: இதுவும் கமா வேலைதான், சுருக்காது. ரெண்டு கண்டிஷனுக்கு மேல எக்செல் விடாது, நஷ்டம் மைனஸ்ல வந்தா மூணாவது பகுதில விழுந்து பழையபடி ஆயிடும். அச்சு மேல ரைட் கிளிக், Format Axis, அதுல Display units. பட்டியல்ல 100000, 10000000 ரெண்டுமே இருக்கு. 10000000 எடுத்தா ஓரத்துல x 10000000-னு ஒரு லேபிள் வரும், அதை கிளிக் பண்ணி "₹ கோடி"ன்னு மாத்திக்கோங்க.

சோம்பேறி: எனக்கு ஷீட்ஸ்ல அந்த ஆப்ஷனே காணோமே

மழைக்காகம்: அவர் கேட்டது எக்செல் சார். நீங்க பக்கத்து காலம்ல கோடியால வகுத்து அதை வச்சு சார்ட் போடுங்க

கணக்குப்புலி: வந்துருச்சு!! ஆனா 0, 1, 1, 2, 2, 3, 3-னு வருதே??

அனுபவஸ்தன்: கோடு 50 லட்சத்துக்கு ஒண்ணு விழுது. அரை கோடிய ரவுண்ட் பண்ணி 1 ஆக்குது, ஒன்றரைய 2 ஆக்குது. செல்லோட ஃபார்மட்ல தசமம் இல்ல, அச்சு அதையே எடுத்துக்குது. Number-ல Linked to source டிக்கை எடுத்துட்டு 0.0 போடுங்க.

தெருவிளக்கு: 0.5 கோடின்னு யாருங்க பேசுறா? 50 லட்சம்னு வரணும், மேல 1 கோடின்னு வரணும்

அனுபவஸ்தன்: ஒரே அச்சுல ரெண்டு அலகா? 50-க்கு மேல 1 இருந்தா பாக்கிறவன் குழம்புவான்.

தெருவிளக்கு: பேப்பர்ல அப்படித்தான சார் எழுதுறாங்க

மழைக்காகம்: அது வாக்கியத்துல. இங்க மொத்தத்தையும் லட்சத்துலயே வச்சா 50, 100, 150-னு போகும், எனக்கு அதுவே தேவலாம்

தெருவிளக்கு: 250 லட்சம்னா என் வாய்லயே நுழையல

கணக்குப்புலி: 0.0 ஓகே ஆயிடுச்சு, தேங்க்ஸ். லட்சமா கோடியான்னு மேனேஜர்கிட்டயே கேட்டுக்கறேன்