விடிந்தால் தொண்டை எரிகிறது, எட்டு மணிக்குச் சரியாகிவிடுகிறது: உங்களுக்கும் உண்டா?

மாடிவீட்டுக்காரி

நவம்பர் மழை பிடித்ததிலிருந்து ஒரே கதை. விடிகாலை நாலு, நாலரைக்கு முழிப்பு வந்துவிடும். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும், உதடு காய்ந்திருக்கும், எச்சில் விழுங்கினால் தொண்டையில் உமி மாட்டிக்கொண்டது போல எரியும். எழுந்து வெந்நீர் குடித்து, காபியும் உள்ளே போனால் எட்டு மணிக்குள் எல்லாம் சரி. மறுநாள் மறுபடியும் அதே.

தொண்டைப் புண் என்றுதான் நினைத்தேன். உப்புத் தண்ணீரில் கொப்பளித்தேன், மஞ்சளும் மிளகும் போட்டுப் பால் குடித்தேன். பக்கத்துக் கிளினிக்கில் ஐந்து நாளைக்கு ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். ஒரு மாற்றமும் இல்லை. போன வாரம்தான் என் வீட்டுக்காரர் சொன்னார்: "நீ ராத்திரி முழுக்க வாயைப் பிளந்துகொண்டுதான் தூங்குகிறாய்." மூக்கடைப்பு எனக்கு உண்டு. ஆனால் அதற்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டுதானே படுக்கிறேன்? அதனால் மூக்கைச் சந்தேகப்படவே இல்லை. யாருக்காவது இப்படி இருந்ததா?

பால்கோவா

எனக்கும் இருந்தது. காரணம் ஏசி. ஏசி அறைக் காற்றின் ஈரத்தை இழுத்துவிடும், தொண்டை காய்ந்துவிடும். 20-ல் வைத்துத் தூங்கியவன் 26-க்கு மாற்றினேன், பாதி குறைந்தது. மீதிக்கு வாயில் டேப் ஒட்டிக்கொண்டு படுத்தேன். வாய் மூடியிருந்தால் மூக்கு தானாக வேலை செய்யும். நீங்களும் முயன்று பாருங்கள்.

மாடிவீட்டுக்காரி

எங்கள் வீட்டில் ஏசியே இல்லை தம்பி. மழைக்காலத்தில் சுவரே ஈரமாகத்தான் இருக்கிறது.

மருந்துக்கடை அண்ணாச்சி

அம்மா, ஒரு கேள்வி. அந்தச் சொட்டு மருந்தை எத்தனை நாளாக விடுகிறீர்கள்? பாட்டிலில் சைலோமெட்டசோலின் அல்லது ஆக்சிமெட்டசோலின் என்று போட்டிருக்கிறதா?

மாடிவீட்டுக்காரி

பார்த்தேன், சைலோமெட்டசோலின்தான். ஆறு வாரம் இருக்கும். முதலில் படுக்கும்போது ஒரு தடவை. இப்போது மூன்று மணிக்கு மூக்கு அடைத்து முழிப்பு வந்தால் இன்னொரு தடவை.

மருந்துக்கடை அண்ணாச்சி

நீங்கள் எழுதிய அந்த இரண்டாவது தடவையில்தான் விஷயம் இருக்கிறது. இந்த மருந்து மூக்குக்குள் வீங்கியிருக்கும் ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. அதனால் சில நிமிடத்தில் மூக்கு திறந்துவிடும், அதுதான் அதன் கவர்ச்சி. ஆனால் நாள்கணக்கில் விட்டால், மருந்து இறங்கும் நேரத்தில் குழாய்கள் முன்னைவிட அதிகமாக வீங்கும். மருந்தே அடைப்பை உண்டாக்கும். பதினொரு மணிக்கு விட்டது விடிகாலையில் இறங்கும்போது மூக்கு இறுக மூடிக்கொள்ளும், வாய் திறந்துகொள்ளும். மூக்கு வழியாகப் போனால் காற்று சூடும் ஈரமும் ஏறித்தான் தொண்டைக்குப் போகும். வாய்வழி அப்படியே போகிறது. தூக்கத்தில் எச்சிலும் குறைவு. தொண்டை காயாமல் என்ன செய்யும்?

மூன்று நாள், மிஞ்சினால் ஐந்து நாள், அதற்கு மேல் வேண்டாம் என்று சொல்லித்தான் விற்கிறேன். கேட்டுப் போகிறவர்கள் குறைவு, சொல்லாமல் விற்கும் கடைகளும் உண்டு. உங்களிடம் அதைச் சொல்லவில்லையோ என்னவோ.

ஓய்வுபெற்ற வாத்தியார்

வாய் வறட்சி என்றால் முதலில் சர்க்கரையைப் பார்க்க வேண்டும். எனக்கு இரண்டு வருடமாக நாக்கு ஒட்டுகிறது. ராத்திரியில் மூன்று தடவை தண்ணீர், மூன்று தடவை பாத்ரூம். வெந்தயம் ஊறவைத்துக் குடிக்கிறேன். எத்தனை கிராம் என்று யாராவது சொல்ல முடியுமா?

மருந்துக்கடை அண்ணாச்சி

ஐயா, உங்கள் வறட்சி வேறு, அந்த அம்மாவின் வறட்சி வேறு. அவருக்கு எட்டு மணிக்குப் போய்விடுகிறது. உங்களுக்குப் பகலிலும் இருக்கிறதென்றால் ரத்தப் பரிசோதனையும் நீங்கள் சாப்பிடும் மாத்திரைச் சீட்டும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். வெந்தயக் கணக்கு அப்புறம்.

இரவு ஷிப்ட்

டேப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மூக்கே அடைத்திருக்கும்போது வாயையும் ஒட்டினால் எதன் வழியாக மூச்சு விடுவது? நான் ஒட்டிக்கொண்டு படுத்தேன். நடுராத்திரியில் திணறி எழுந்து, தோலோடு சேர்த்துப் பிய்த்து எறிந்தேன். எனக்குக் குறட்டையும் உண்டு. மூச்சு கொஞ்ச நேரம் நின்று, பிறகு பெரிதாக இழுப்பேன் என்று மனைவி பயந்துகொண்டே இருந்தார். தூக்கப் பரிசோதனை செய்ததில் தூக்கத்தில் மூச்சு நிற்கும் கோளாறு என்று தெரிந்தது. என் காலைத் தொண்டை வறட்சிக்கும் அதுதான் காரணம். பகலில் கண் சொருகினால், தலைவலியோடு எழுந்தால் அந்தப் பக்கமும் பாருங்கள்.

பால்கோவா

சரி, எனக்கு மூக்கு அடைக்காது என்பதால் டேப் ஒத்துவந்தது போல. பின்வாங்குகிறேன். ஆனால் ஏசி விஷயம் உண்மைதான்.

மாடிவீட்டுக்காரி (பதினெட்டு நாள் கழித்து)

காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனேன். அண்ணாச்சி சொன்னதையேதான் அவரும் சொன்னார். சொட்டு மருந்தை ஒரேயடியாக நிறுத்தாமல் முதலில் வலது மூக்கில் மட்டும் நிறுத்தச் சொன்னார். இடது மூக்கு ராத்திரிக்குத் துணை. கூடவே ஸ்டீராய்டு ஸ்பிரே ஒன்று. அது உடனே திறக்காது, ஒன்றிரண்டு வாரம் விடாமல் அடிக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொன்னது நல்லதாகப் போயிற்று. இல்லாவிட்டால் மூன்றாவது நாளே தூக்கிப் போட்டிருப்பேன். தலையைச் சற்றுக் குனிந்து, முனையை நடுச் சுவர் பக்கம் இல்லாமல் அந்தந்தப் பக்கத்துக் காதை நோக்கித் திருப்பி அடிக்க வேண்டுமாம். நான் முதல் இரண்டு நாள் நேராக அடித்து மூக்கில் ரத்தக் கசிவு பார்த்தேன்.

படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் உப்புத் தண்ணீரில் மூக்கைக் கழுவுகிறேன். ஒரு டம்ளர், அதாவது 240 மில்லி தண்ணீருக்கு அரை டீஸ்பூன் உப்பு, ஒரு சிட்டிகை ஆப்ப சோடா. வெறும் தண்ணீர் என்றால் எரியும். வாயைத் திறந்துகொண்டு, வாஷ்பேசின் மேல் சாய்ந்து மேல் மூக்கில் விட்டால் கீழ் மூக்கு வழியாக வந்துவிடும்.

முதல் மூன்று ராத்திரி மோசம். உட்கார்ந்தே தூங்கினேன். இரண்டு தலையணை வைத்தால் கழுத்து மடங்கி இன்னும் அடைக்கிறது. கட்டிலின் தலைமாட்டுக் காலுக்கு அடியில் செங்கல் வைத்ததும்தான் கொஞ்சம் மூச்சு விட்டேன். ஏழாம் நாள் வலது மூக்கு திறந்தது, பிறகு இடதிலும் நிறுத்தினேன். முழிப்பு வந்தால் இரண்டு மடக்குத் தண்ணீர், காலையில் வெந்நீரில் கொப்பளிப்பு. அது தொண்டைக்கு ஆறுதல், அவ்வளவுதான்.

மருந்துக்கடை அண்ணாச்சி

மூக்கு கழுவும் தண்ணீர் காய்ச்சி ஆறியதாக இருக்கட்டும் அம்மா. 2011-ல் அமெரிக்காவின் லூசியானாவில் குழாய்த் தண்ணீரால் மூக்கு கழுவிய இரண்டு பேர் மூளையைத் தாக்கும் அமீபா தொற்றில் இறந்தார்கள். அபூர்வம்தான், ஆனால் காய்ச்ச ஐந்து நிமிடம்தானே.

இரவு ஷிப்ட்

தைலம் போட்டு ஆவி பிடித்தால் மூக்கு திறக்கிறதே, அது போதாதா அண்ணாச்சி?

மருந்துக்கடை அண்ணாச்சி

தைலத்தின் மெந்தால் குளிர்ச்சியில் காற்று நிறையப் போவது போலத் தோன்றும், வீக்கம் அப்படியேதான் இருக்கும். ஆவியால் சளி இளகுகிறது என்று சிலர் சொல்கிறார்கள். கொதிக்கும் பாத்திரத்தைப் பிள்ளைகள் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள். காய்ச்சல் வந்தாலோ, பகல் முழுக்க விழுங்க வலித்தாலோ அது காய்ந்த தொண்டை இல்லை, டாக்டரிடம் காட்ட வேண்டியது.

மாடிவீட்டுக்காரி

இப்போது வாரத்தில் ஐந்து நாள் தொண்டை எரியாமல் எழுகிறேன். இடதுபக்கம் சாய்ந்து படுத்தால் மட்டும் இடது மூக்கு அடைக்கிறது. மூக்குத் தண்டு கொஞ்சம் வளைந்திருக்கிறது என்றும் டாக்டர் சொன்னார். அதனாலா, பாயிலும் தலையணையிலும் இருக்கும் தூசிப் பூச்சி அலர்ஜியாலா என்று அவருக்கும் இன்னும் உறுதியில்லை. அடுத்த மாதம் வரச் சொல்லியிருக்கிறார். அதற்குள் தலையணை உறையை வாரம் ஒருமுறை வெந்நீரில் போட்டுப் பார்க்கிறேன்.