"சரி." என்று பதில் வந்தால் கோபமா?

தேன்மொழி:
ஒரு பொது இழையில் ஒருவர், தன் கணினியில் தமிழ் எழுத்துகள் கட்டம் கட்டமாகத் தெரிவதாகக் கேட்டிருந்தார். விளக்கமாக வழி சொன்னேன். அதையே மறுபடியும் கேட்டார். "மேலேயே சொல்லியிருக்கிறேனே... இரண்டாவது பத்தியைப் பாருங்க 🙂" என்று எழுதினேன். "சரி. பார்க்கிறேன்." என்று பதில் வந்தது, அவ்வளவுதான். கோபித்துக்கொண்டாரா, இல்லை நான்தான் புள்ளியைப் பார்த்து அதிகமாக யோசிக்கிறேனா?

வேலவன்:
கோபம்தான், சந்தேகமே வேண்டாம். அனுப்பு பொத்தானை அழுத்தினாலே வாக்கியம் முடிந்துவிடுகிறது. அதற்கு மேலும் ஒருவர் மெனக்கெட்டுப் புள்ளி வைத்தால், பேச்சு இத்தோடு போதும் என்று சொல்கிறார். புள்ளி வைத்தால் கோபம் என்று அமெரிக்காவில் ஆராய்ச்சியே செய்து நிரூபித்துவிட்டார்கள்.

செல்வநாயகம்:
தம்பி, நான் எழுதப் படிக்கக் கற்ற நாளிலிருந்து வாக்கிய முடிவில் புள்ளி வைக்கிறேன். அத்தனை நாளும் எல்லோர் மேலும் கோபமாகவா இருந்தேன்? இந்த மூன்று புள்ளியும் அப்படித்தான். "மாத்திரை போட்டாச்சு... தூங்கப் போகிறேன்... நாளைக்குப் பேசலாம்..." என்று பேத்திக்கு அனுப்பினால், "என்ன தாத்தா, மனசுல எதையோ வச்சுக்கிட்டுப் பேசுறீங்க?" என்று கேட்கிறாள். ஒரு விஷயத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவில் இடைவெளி விட்டேன், வேறொன்றும் இல்லை.

மங்கை:
வேலவன், நீங்கள் சொல்வது பிங்காம்டன் பல்கலைக்கழக ஆய்வு என்று நினைக்கிறேன், 2015 கடைசியில் பேசப்பட்டது. 126 கல்லூரி மாணவர்களிடம் சின்னச் சின்ன உரையாடல்களைக் காட்டினார்கள். ஒருவர் அழைக்கிறார், மற்றவர் ஒற்றைச் சொல்லில் சம்மதிக்கிறார். அந்தச் சொல்லுக்குப் பின்னால் புள்ளி இருந்தபோது பதில் மனப்பூர்வமாகத் தோன்றுவது குறைந்தது. அதே பதிலைக் கையால் எழுதிய துண்டுச் சீட்டாகக் காட்டியபோது வித்தியாசம் இல்லை.

அங்கே கோபத்தைப் பற்றிய கேள்வியே இல்லை. படிப்பவருக்கு எப்படிப் பட்டது என்பதைத்தான் அளந்தார்கள், எழுதியவர் மனதில் என்ன இருந்தது என்பதை இல்லை. அதோடு, அது ஒற்றைச் சொல் பதிலுக்கு. நாலு வாக்கியம் எழுதுகிறவர் நாலு புள்ளி வைத்துத்தான் ஆக வேண்டும், அதில் தேடுவதற்கு ஒன்றுமில்லை. தேன்மொழிக்கு வந்ததில் இரண்டு வாக்கியம் இருக்கிறது. முதல் புள்ளி இரண்டையும் பிரிக்க வந்தது. சந்தேகப்படுவதென்றால் கடைசிப் புள்ளியை மட்டும்தான் சந்தேகப்படலாம்.

அன்வர்:
புள்ளி தானாக விழுகிறது என்பதுதானே பிரச்சினை? ஐபோனில் Settings, General, Keyboard போனால் "." Shortcut என்று இருக்கும், அதை அணைத்துவிடுங்கள். இடைவெளியை இரண்டு முறை தட்டினால் புள்ளி விழுவது நின்றுவிடும். ஜிபோர்டிலும் இதற்கு ஓர் அமைப்பு உண்டு.

தேன்மொழி:
அன்வர், புள்ளி வைத்தது நான் இல்லை, அவர். ஆனால் அவருக்கும் அது தானாக விழுந்திருக்கலாம் என்பது எனக்குத் தோன்றவில்லை.

வேலவன்:
எதற்கெடுத்தாலும் கைபேசி மேல் பழி போட்டால் எப்படி? ஆய்வு கோபத்தை அளக்கவில்லை, சரி. ஆனால் படிக்கிறவர்களுக்கு அது ஒட்டாமல் படுகிறது என்று நீங்களே சொல்கிறீர்கள். பொது இடத்தில் எழுதுகிறவருக்கு அது தெரியாதா? தெரிந்தும் வைக்கிறார் என்றால் அது செய்திதான்.

மங்கை:
தெரிந்தும் வைக்கிறாரா என்பதைத்தான் பார்க்க வேண்டும். அதற்கு ஒரே வழி, அவர் வழக்கமாக எப்படி எழுதுவார் என்று தேடுவது. நெருங்கியவர்களின் வழக்கம் நமக்கு மனப்பாடம், அதனால் மாறினால் உடனே உறைக்கிறது. பொது இழையில் முன்பின் தெரியாதவருக்கு நம் வழக்கத்தைப் பொருத்திப் படித்துவிடுகிறோம். செல்வநாயகம் ஐயாவின் புள்ளிகளைப் பேத்தி அப்படித்தான் படிக்கிறாள்.

தேன்மொழி, அவருடைய பழைய பதில்கள் நாலைந்து இருந்தால் அப்படியே இங்கே போடுங்கள். ஒற்றை வரியில் முடிந்தவை வேண்டும், நீளமானவை உதவாது.

தேன்மொழி:
அதே இழையில் எனக்கு எழுதியவை: "நன்றிங்க", "செஞ்சு பார்த்துட்டு சொல்றேங்க 😊", "புரியலைங்க கொஞ்சம் விளக்க முடியுமா". இன்னொருவருக்கு: "ஆமாங்க அதேதான்".

மங்கை:
இதில் ஒன்றில்கூடக் கடைசியில் புள்ளி இல்லை. அப்படியென்றால் அது அவர் கையில் ஊறிய பழக்கம் இல்லை. ஆனால் நான் அதைவிடப் பெரிதாக எடுத்துக்கொள்வது வேறு. நாலிலும் "ங்க" இருக்கிறது, கடைசிப் பதிலில் இல்லை. "சொல்றேங்க" என்று பேச்சில் எழுதுகிறவர் "பார்க்கிறேன்" என்று ஏட்டுத் தமிழுக்குப் போய்விட்டார். நம்மில் பலர் மனம் சுணங்கும்போது இப்படித்தான் விறைப்பாகிறோம். ஆங்கிலத்தில் புள்ளி சுமக்கிற வேலையில் பாதியைத் தமிழில் "ங்க"வும் "ப்பா"வும் "ம்மா"வும் சுமக்கின்றன. புள்ளியை அன்வர் சொன்னபடி கைபேசி வைத்திருக்கலாம், "ங்க"வைக் கைபேசி எடுக்காது.

ஒன்று மட்டும் மாறியிருந்தால் விட்டுவிடச் சொல்வேன். புள்ளி வந்தது, "ங்க" போனது, நடை மாறியது, மூன்றும் ஒரே பதிலில் நடந்திருக்கிறது. ஏதோ தைத்திருக்கிறது என்றுதான் படுகிறது.

செல்வநாயகம்:
அவருக்கு முன்னால் இந்தப் பெண் எழுதியதை யாரும் பார்க்கவில்லையே. "சொல்லியிருக்கிறேனே..." என்று இழுத்திருக்கிறார். என் பேத்தி கண்ணுக்கு அது எப்படிப் பட்டிருக்கும்?

தேன்மொழி:
ஐயா, நான் நினைவுபடுத்தத்தான் எழுதினேன். கடுமையாகப் படக்கூடாது என்றுதான் சிரித்த முகமும் போட்டேன்.

வேலவன்:
அந்த 🙂 தான் வினை. அது சிரிப்பு இல்லை, பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துப் போகிற முகம். இளையவர்கள் யாரும் அதை அன்பாகப் படிப்பதில்லை.

மங்கை:
இளையவர்களில் பலர் அப்படிப் படிக்கிறார்கள், அதுவரை ஒத்துக்கொள்கிறேன். எல்லோரும் இல்லை. இமோஜியில் இந்தச் சிக்கல் ஆரம்பத்திலிருந்தே உண்டு. யூனிகோடு ஒவ்வொன்றுக்கும் ஒரு எண்ணும் பெயரும் தருகிறது, படத்தை வரைவது அந்தந்த நிறுவனம். 2016இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் இதை ஆராய்ந்தபோது, 😁 பல கைபேசிகளில் வாய்விட்டுச் சிரிப்பதாகத் தெரிந்தது. ஆப்பிளில் அப்போதிருந்த படமோ அவஸ்தையில் பல்லைக் காட்டுவதாகப் பட்டது. ஆப்பிள் பிற்பாடு படத்தை மாற்றியது. ஒரே படத்தைப் பார்த்தவர்களுக்குள்ளும் அது நல்லதா கெட்டதா என்பதில் ஒற்றுமை இல்லை.

இங்கே 🙂 தனியாக வரவில்லை. "சொல்லியிருக்கிறேனே" என்ற ஏகாரம், அதன்பின் மூன்று புள்ளி, அப்புறம் சிரிப்பு. அந்த ஏகாரமே குறை சொல்கிற தொனி, புள்ளிகள் அதை இழுத்துவிட்டன. அதற்குப் பிறகு வருகிற முகம் எதுவானாலும் குத்தலாகத்தான் படும். "இரண்டாவது பத்தியில் இருக்குங்க" என்று மட்டும் எழுதியிருந்தால் முகமே தேவைப்பட்டிருக்காது.

தேன்மொழி:
ஏகாரத்தில் இவ்வளவு குற்றம் இருப்பதாக நான் நினைக்கவில்லை. வீட்டில் நாங்கள் அப்படித்தான் பேசுவோம்.

அன்வர்:
வீட்டில் குரல் இருக்கிறது. ஆமாம், அவருக்கு எழுத்து சரியானதா இல்லையா? அதை யாராவது கேட்டீர்களா?

தேன்மொழி:
இல்லை. "எழுத்து இப்போது சரியாகத் தெரியுதாங்க?" என்று அதே இழையில் இப்போதுதான் கேட்டிருக்கிறேன். இன்னும் பார்க்கவில்லை போல.

வேலவன்:
"தெரிகிறது." என்று வந்தால் நான் சொன்னதுதான்.

மங்கை:
"தெரியுதுங்க." என்று வந்தால்?