பாலிசியில் தையல், உள்ளே பிரிண்டிங்: இப்போதே சொல்லிவிட வேண்டுமா?

திருப்பூரில் சின்னதாகத் தையல் யூனிட் வைத்திருக்கிறோம், தீ விபத்து பாலிசியிலும் தொழில் என்ற இடத்தில் தையல் என்றுதான் இருக்கிறது. நான்கு மாதமாகப் பின்பக்கம் பிரிண்டிங்கும் செய்கிறோம், மேஜைக்கு அடியிலேயே தின்னர் கேன்கள். ரினியூவலில் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார் ஏஜென்ட். ஆனால் பாலிசியின் பொது நிபந்தனைகளில், தொழில் மாறி ஆபத்து கூடினால், இழப்பு நடப்பதற்கு முன்பே கம்பெனி சம்மதித்து எண்டார்ஸ்மென்ட் போட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் காப்பீடு செல்லாது என்று இருக்கிறது. நாளைக்கே தீப்பிடித்தால், கருகிய கேனைப் பார்த்ததும் சர்வேயர் கேட்டுவிடுவார், அப்புறம் தையல் பக்கம் எரிந்த துணிக்கும் சேர்த்து க்ளெய்ம் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. இன்றே மெயில் அனுப்பினால் போதுமா, எண்டார்ஸ்மென்ட் கைக்கு வரும்வரை பிரிண்டிங்கை நிறுத்தி வைக்க வேண்டுமா? கூடுதல் பிரீமியம் கட்டத் தயார். பாலிசி நடுவில் இப்படி மாற்றியவர்கள் சொல்லுங்கள்.