கலைச்சொல் தேவை: கட்டு அவிழ்த்ததும் சிவக்கும் விரல்

தொடங்கியவர், ராமநாதபுரம்

அனைவருக்கும் வணக்கம். செவிலியர் பயிற்சிக்கான உடலியங்கியல் குறிப்பைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். ரியாக்டிவ் ஹைப்பரீமியா என்ற இடத்தில் நின்றுவிட்டேன். ரத்த ஓட்டம் சிறிது நேரம் அடைபட்டு, அடைப்பு நீங்கியதும் வழக்கத்தைவிடப் பலமடங்கு ஓடி, பிறகு பழைய நிலைக்குத் திரும்புவதுதான் விஷயம். கையில் இருக்கும் ஒரு பழைய குறிப்பில் ‘எதிர்வினைக் குருதிப்பெருக்கு’ என்று கிடக்கிறது. எனக்கு ஒப்பவில்லை.

செவிலியர், மண்டபம்

அந்தச் சொல்லை வார்டில் எழுதினால் டாக்டர் ஓடி வருவார். ரத்தப்பெருக்கு என்றால் எங்களுக்கு ரத்தம் வெளியே கொட்டுவது. எதிர்வினை என்றால் ஊசி மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று அர்த்தம். இரண்டையும் சேர்த்துவைத்தால் கேட்கவே வேண்டாம்.

ஆனால் நிகழ்வு எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். கடற்பாசி எடுக்கப் போகும் பெண்கள் பாறை கிழிக்காமலிருக்க விரல்களில் துணிக்கீற்றைச் சுற்றிக்கொள்வார்கள். என் மதினி ஒருநாள் ரொம்ப இறுக்கிவிட்டாள். கரைக்கு வந்து அவிழ்த்தபோது ஆள்காட்டி விரல் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. பத்து எண்ணுவதற்குள் மிளகாய்ப்பழம் போலச் சிவந்து, சூடேறி, விண்விண் என்று தெறித்தது. “சொறிமீன் பட்டிருச்சு” என்று பயந்தாள். கொஞ்ச நேரத்தில் தானாக அடங்கிவிட்டது.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தொண்டி

கண்மாய்க்காரர்களுக்கு இதில் என்ன சிரமம்? மடையை அடைத்துவைத்துத் திறந்தால் தண்ணீர் பீறிட்டுப் பாயாதா? ‘மடைதிறப் பாய்வு’ என்று வையுங்கள். சொல்லும் நம்முடையது, படமும் கண்முன் நிற்கும்.

உடலியங்கியல் பேராசிரியை, சொந்த ஊர் தேவிபட்டினம்

ஐயா, சொல் அழகாக இருக்கிறது, அதனால்தான் பயமாக இருக்கிறது. கண்மாயில் மடையை அடைத்தால் தண்ணீர் பின்னால் சேர்ந்து மட்டம் ஏறும். திறந்ததும் அந்த மட்டம்தான் தள்ளுகிறது. கையைக் கட்டினால் ரத்தம் அப்படிச் சேர்ந்து காத்திருப்பதில்லை, வேறு கிளைகளில் போய்விடுகிறது. ஒரு நிமிடம் கட்டினாலும் ஐந்து நிமிடம் கட்டினாலும் மேலே அழுத்தம் ஏறக்குறைய ஒன்றுதான். அப்படியிருந்தும் ஐந்து நிமிடக் கட்டுக்குப் பின் ஓட்டம் அதிகம், நீடிப்பதும் அதிகம். அப்படியானால் காரணம் கட்டுக்குக் கீழே இருக்கிறது.

ஓட்டம் நின்றாலும் திசு ஆக்சிஜனைச் செலவழித்துக்கொண்டே இருக்கிறது. அடினோசின், கார்பன் டை ஆக்சைடு, பொட்டாசியம், அமிலம் எல்லாம் அடித்துப் போக ஆளில்லாமல் அங்கேயே தேங்கும். இவை சிறுதமனிகளின் தசையைத் தளர்த்தும். உள்ளே அழுத்தமும் விழுந்துவிடுவதால் அந்தத் தசை தானாகவும் தளரும். வயலே தன் வாய்க்காலை அகலமாக வெட்டிவைத்துக் காத்திருக்கிற மாதிரி.

ஒரு கணக்கு சொல்கிறேன். ஓய்வில் முன்கைத் திசு 100 மில்லிக்கு நிமிடத்துக்குச் சுமார் 3 மில்லி ரத்தம் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மேல்கையில் பட்டை கட்டி ஐந்து நிமிடம் முழுக்க நிறுத்தினால் 15 மில்லி பாக்கி. அவிழ்த்த முதல் சில நொடிகளில் ஓட்டம் நிமிடத்துக்கு 20 மில்லியைத் தாண்டலாம். கழிவு அடித்துச் செல்லப்பட, ஓரிரு நிமிடத்தில் வாய்க்கால் மறுபடி சுருங்கிவிடும்.

மருந்தாளுநர், கீழக்கரை

டாக்டரம்மா, இவ்வளவு எதற்கு? இது நைட்ரிக் ஆக்சைடு வேலை. 1998இல் நோபலே கொடுத்தாயிற்று. ‘நைட்ரிக் விரிவு’ என்று போட்டு முடியுங்கள்.

பேராசிரியை

பாதி சரி, தம்பி. அந்த நோபலைப் பெற்றவர்களில் ஒருவரான ஃபர்ச்காட் 1980இல் காட்டியது, ரத்தக்குழாயின் உள்படலம் ஏதோ ஒன்றைச் சுரந்து தசையைத் தளர்த்துகிறது என்பதை. அது நைட்ரிக் ஆக்சைடு என்பது பின்னால் தெரிந்தது. ஆனால் அதன் உற்பத்தியை மருந்தால் தடுத்துவிட்டுக் கையைக் கட்டி அவிழ்த்தால், முதல் பாய்ச்சலின் உச்சம் பெரிதாகக் குறைவதில்லை. குறைவது அடுத்து நடப்பது. கீழே ஓட்டம் வேகமெடுத்ததும் மேலே பெரிய தமனியின் சுவரை ரத்தம் உரசிக்கொண்டு ஓடுகிறது. அந்த உரசலுக்கு உள்படலம் நைட்ரிக் ஆக்சைடு விடும், ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் தமனி சற்று விரியும். முன்கையில் பட்டை கட்டி, மேல்கைத் தமனியை அல்ட்ராசவுண்டில் அளக்கும் சோதனை இதை வைத்துத்தான். அந்த விரிவுக்குத் தனிச் சொல் வேண்டும். இரண்டையும் ஒரே பெயரில் கட்டாதீர்கள்.

உறுப்பினர், ஏர்வாடி

நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். அப்பாவுக்குச் சர்க்கரை, கால் மரத்துப்போகிறது. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் தொடையைக் கட்டி அவிழ்த்தால் ரத்தம் நன்றாக ஓடும் போலிருக்கிறதே. செய்து பார்க்கலாமா?

பேராசிரியை

தயவுசெய்து வேண்டாம். மரத்துப்போவது நரம்புக் கோளாறாகவும் இருக்கலாம். கால் தமனி குறுகியிருந்தால், கீழே உள்ள சிறு குழாய்கள் சும்மா இருக்கும்போதே முடிந்தவரை விரிந்துதான் கிடக்கும். அவிழ்த்ததும் மேலும் விரிய இடமில்லை, வருகிற சிவப்பும் மெதுவாக, தாமதமாக வரும். பாதத்தில் நாடி பார்க்கச் சொல்லி டாக்டரிடம் காட்டுங்கள்.

தமிழாசிரியர், தொண்டி

மடையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். காரணம் திசுவின் தாகம் என்றால் ‘விடாய்ப்பாய்வு’ எப்படி? விடாய் என்றால் தாகம், நல்ல பழந்தமிழ்.

செவிலியர், மண்டபம்

ஐயா, ரத்தமும் விடாயும் ஒரே சொல்லில் வந்தால் எங்கள் பிள்ளைகள் மாதவிடாய் என்றுதான் படிப்பார்கள்.

எனக்கு எதற்கு இந்தச் சொல் வேண்டும் என்று சொல்கிறேன். படுத்த படுக்கையாக இருப்பவரைத் திருப்பிப் போடும்போது இடுப்பெலும்பின் மேல் சிவப்பு தெரியும். விரலால் அழுத்தினால் வெளுத்து, எடுத்ததும் மறுபடி சிவந்தால் அது நீங்கள் பேசுகிற இந்த ஓட்டம்தான், கொஞ்ச நேரத்தில் மறையும். அழுத்தியும் வெளுக்காவிட்டால் படுக்கைப்புண் தொடங்கிவிட்டது. கறுத்த தோலில் சிவப்பே சரியாகத் தெரியாது, தொட்டுப் பார்த்துச் சூடோ இறுக்கமோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்த வித்தியாசத்தை அட்டையில் எழுத ஒரு சொல் கொடுங்கள். ‘தேக்கம்’ மட்டும் வேண்டாம். அரைகுறையாகக் கட்டினால் ரத்தம் உள்ளே போய்த் திரும்பி வர முடியாமல் விரல் வீங்கி நீலம் பாயுமே, அதுதான் தேக்கம்.

தொடங்கியவர்

அப்படியானால் ‘மிகைப்பாய்வு’ என்பதைப் பொதுவாக வைப்போம். தசை வேலை செய்யும்போது வருவது ‘உழைப்பு மிகைப்பாய்வு’. அடைப்புக்குப் பின் வருவது ‘தடைப்பின் மிகைப்பாய்வு’. ‘கடன்தீர் பாய்வு’ என்றும் யோசித்தேன். ஐந்து நிமிடப் பாக்கியைத் திருப்பிக் கொடுக்கிறதே?

பேராசிரியை

கடன் என்பது பாடத்தில் விளக்கப் பரவாயில்லை, பெயராக வேண்டாம். சரியாகப் பாக்கி அளவுக்கே ஓடுவதில்லை. நாயின் இதயத் தமனியைச் சில நொடி அடைத்துத் திறந்தால் கடனைப்போல இருமடங்குக்கு மேலும் திருப்பும். வட்டி என்று மாணவர்கள் சிரிப்பார்கள். ‘தடைப்பின்’ எனக்குச் சம்மதம், ஏனென்றால் அது காரணத்தைச் சொல்லவில்லை, எப்போது என்பதை மட்டும் சொல்கிறது. அடினோசினா, பொட்டாசியமா, அழுத்த வீழ்ச்சியா, எது எவ்வளவு என்பது உறுப்புக்கு உறுப்பு மாறுகிறது.

மருந்தாளுநர், கீழக்கரை

சரி. அந்தப் பெரிய தமனி சமாச்சாரத்துக்கு ‘உரசல் விரிவு’?

தமிழாசிரியர், தொண்டி

உரசல் என்றால் தமனி தேய்ந்துபோவது போலக் கேட்கிறது. ‘பாய்வுவழி விரிவு’ நல்லது.

மருந்தாளுநர், கீழக்கரை

பாய்வுவழி என்றால் யாருக்கு என்ன புரியும்? நான் உரசலில்தான் நிற்கிறேன்.

செவிலியர், மண்டபம்

அதை நீங்கள் பேசி முடியுங்கள். ‘தடைப்பின் மிகைப்பாய்வு’ எங்கள் அட்டையின் கட்டத்துக்குள் அடங்கவில்லை. நான் ‘அவிழ்சிவப்பு’ என்று எழுதத் தொடங்கிவிட்டேன். இன்று காலை பயிற்சிப் பிள்ளை ஒருத்தி கேட்காமலேயே விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு “அவிழ்சிவப்புதான் அக்கா, வெளுக்குது” என்றாள்.

பேராசிரியை

தோலுக்குச் சரி. இதயம் சிவப்பதை யார் பார்ப்பது?