"ப்படு" எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன், ஆனாலும் யார் செய்வது என்று புரியவில்லையாம்

நூல்கண்டு:
திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். சாயப்பட்டறைக்கும் எங்கள் ஸ்டோருக்கும் மெயில் தமிழில்தான் போகும். "செயப்பாட்டு வினையில எழுதாதே, யார் என்ன செய்யணும்னே தெரியல" என்று மேலாளர் சொன்னார். அதனால் இப்படி எழுதினேன், இதில் லேப் டிப் என்பது ஒப்புதலுக்காக முதலில் சாயம் போட்டுக் காட்டும் சிறு மாதிரித் துணி:

> லேப் டிப் ஒப்புதல் வந்துவிட்டது. லாட் 3-இல் ஷேட் மாறியிருக்கிறது. மறுசாயம் போட வேண்டும். நாம் இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம்.

ஒரு "ப்படு"கூட இல்லை. ஆனாலும் துணி 3 நாள் ஸ்டோரிலேயே கிடந்தது. "நீங்க அனுப்புவீங்கன்னு இருந்தேன்" என்கிறார் பட்டறைக்காரர். "அவங்க வண்டி வரும்னு இருந்தோம்" என்கிறது ஸ்டோர். இதில் என்ன தப்பு?

கட்டம்போட்ட சட்டை:
உங்கள் மேல் தப்பே இல்லை தம்பி. செயப்பாட்டு வினையை எடுத்துவிட்டால் மெயில் தெளிவாகிவிடும், நீங்கள் எடுத்தும்விட்டீர்கள். நாலு வரியை ஒழுங்காகப் படிக்காதவர்களைத்தான் கேட்க வேண்டும். நான் செய்வதெல்லாம் "ப்பட்ட", "ப்படும்" என்று தேடி அழிப்பதுதான். 2 நிமிட வேலை.

பொன்னி:
பத்து வருடமாக அலுவலகக் கடிதங்களைத் திருத்திக் கொடுக்கிறேன். தேடி அழிப்பது பாதிதான் சரி. தமிழில் ஆளை மறைக்க "ப்படு" தேவையே இல்லை, வேறு வழிகள் நிறைய இருக்கின்றன. இந்த நாலு வரியிலேயே மூன்று இருக்கின்றன.

முதலில் "வேண்டும்". "அனுப்பினேன்" என்றால் அனுப்பியது நான் என்று வினையின் விகுதியே சொல்லிவிடும். "அனுப்புவார்" என்றாலும் அப்படித்தான். ஆனால் "போட வேண்டும்" என்பதில் நானா, நீங்களா, அவரா என்று எந்த அடையாளமும் இல்லை. "போடலாம்", "போட்டாயிற்று" இரண்டும் அதே வகை. தமிழில் எழுவாயை விட்டுவிட்டு எழுதிப் பழகியிருக்கிறோம், விகுதி காப்பாற்றும் என்ற நம்பிக்கை. இந்த வினைகளில் அது காப்பாற்றாது. இங்கே ஆளைத் தனியாக எழுதித்தான் ஆக வேண்டும்.

இரண்டாவது "மாறியிருக்கிறது", "வந்துவிட்டது". மாறு என்பதற்கு மாற்று, உடை என்பதற்கு உடைத்தல், அழி என்பதற்கு அழித்தல் என்று நம்மிடம் ஜோடி உண்டு. "ஃபைல் அழிந்துவிட்டது" என்று எழுதினால் செயப்பாட்டு வினை கிடையாது, ஆனால் அழித்தவரும் கிடையாது. ஃபைல் தானாகவே அழிந்த மாதிரி இருக்கும்.

மூன்றாவது "நாம்". இதுதான் உங்கள் 3 நாளைச் சாப்பிட்டது என்று நினைக்கிறேன். "நாங்கள்" என்றால் படிப்பவர் அதில் இல்லை, "நாம்" என்றால் அவரும் உண்டு. பட்டறை, ஸ்டோர், நீங்கள் மூவருக்கும் போன மெயிலில் "நாம் முடித்துவிடலாம்" என்றால் ஒவ்வொருவரும் மற்ற இருவரைப் பார்ப்பார்கள்.

பழைய ஃபைல்:
அரசு அலுவலகத்தில் 30 வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். செயப்பாட்டு வினையை இப்படிக் குற்றவாளி ஆக்குவதை ஏற்க மாட்டேன். "ஆணையிடப்படுகிறது" என்று எழுதுவதற்குக் காரணம் உண்டு. ஆணை போடுவது பதவி, அதில் உட்கார்ந்திருக்கும் ஆள் இல்லை. அவர் மாற்றலாகிப் போன பிறகும் ஆணை நிற்க வேண்டும். "நான் ஆணையிடுகிறேன்" என்றால் அது ராஜா பேச்சு.

பொன்னி:
ஐயா, ஆணையைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது சரி. அங்கே கீழே கையெழுத்தும் பதவியும் இருக்கின்றன, யார் ஆணையிட்டார் என்ற கேள்வியே வராது. ஆனால் அதே ஆணையில் வேலை சொல்லும் வரியைப் பாருங்கள். "வட்டாட்சியர் 15 நாட்களுக்குள் அறிக்கை அனுப்ப வேண்டும்" என்றுதானே இருக்கும்? அங்கே "வேண்டும்" இருந்தும் குழப்பம் இல்லை, ஆள் முன்னால் நிற்கிறார்.

பழைய ஃபைல்:
அது உண்மைதான். "உரிய நடவடிக்கை எடுக்கப்பட வேண்டும்" என்று யாருக்கும் சொல்லாமல் போன ஃபைல்கள் மேசை மேசையாகச் சுற்றியதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் மரியாதைக்குச் செயப்பாட்டு வினை வேண்டும் என்பதை விட மாட்டேன்.

சிவகாசி மாணவன்:
அக்கா, "பூனை எலியைப் பிடித்தது" என்பதைச் செயப்பாட்டு வினையாக மாற்றினால் "பூனையால் எலி பிடிக்கப்பட்டது" தானே? நாளை மறுநாள் பரீட்சை.

பொன்னி:
ஆமாம் தம்பி, சரிதான். இங்கே பேச்சு வேறு, நீங்கள் போய்ப் படியுங்கள்.

நூல்கண்டு, ஒவ்வொரு வரிக்கும் "யார் கை?" என்று கேளுங்கள். துணியைத் தூக்குவது யார் கை, வண்டியில் ஏற்றுவது யார் கை. "முடித்துவிடலாம்", "நடவடிக்கை", "ஏற்பாடு" இவற்றுக்குக் கை கிடையாது. ஏற்று, இறக்கு, எடை போடு, வெட்டு, அனுப்பு என்று கை செய்யும் வினை கிடைக்கும்வரை வரியை விடாதீர்கள். லாட் எத்தனை கிலோ, வண்டி யாருடையது என்று சொன்னால் எழுதிக் காட்டுகிறேன்.

நூல்கண்டு:
240 கிலோ அக்கா. வண்டி எங்களுடையதுதான். லேப் டிப்பில் பி ஷேடுக்குத்தான் பையர் ஒப்புதல் கொடுத்தார். நிறம் ஒப்பிடும் லைட் பாக்ஸில் வைத்துப் பார்த்தது நான், துணி கொஞ்சம் சிவப்படிக்கிறது.

பொன்னி:

> லேப் டிப் பி-க்கு பையர் ஒப்புதல் கொடுத்தார். லாட் 3-ஐ அதனுடன் லைட் பாக்ஸில் வைத்துப் பார்த்தேன், துணி சிவப்படிக்கிறது. எங்கள் ஸ்டோர் இன்று மதியம் 3 மணிக்கு 240 கிலோவையும் நம் வண்டியில் ஏற்றி அனுப்பும். பட்டறையில் நீங்கள் மறுசாயம் போட்டு, வியாழன் மாலைக்குள் ஒரு துண்டு வெட்டி எனக்கு அனுப்புங்கள். நான் பார்த்துச் சரி சொன்ன பிறகு மீதியை அனுப்புங்கள்.

இதிலும் ஒரு ஓட்டை விட்டுவிட்டேன், இப்போதுதான் கண்ணில் பட்டது. மூன்றாவது வரியில் "நம் வண்டி" என்பதைப் படித்துப் பட்டறைக்காரர் குழம்பலாம். "எங்கள் வண்டி" என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

கட்டம்போட்ட சட்டை:
சரி, "வேண்டும்" விஷயம் நான் யோசிக்காதது. ஆனால் நாலு வரி அஞ்சாகிவிட்டதே, ஒவ்வொன்றும் நீளம் வேறு. நீளமான மெயிலை யார் படிப்பார்கள்?

பொன்னி:
நீளம்தான், மறுக்கவில்லை. ஆனால் பட்டறைக்காரர் திரும்பக் கேட்க ஒன்றும் மிச்சமில்லை.

வரவுசெலவு:
நான் கணக்குப் பிரிவு. என் கதையைச் சொல்கிறேன். "நீங்கள் பில்லில் ரேட்டை மாற்றிப் போட்டுவிட்டீர்கள்" என்று ஒரு சப்ளையருக்கு எழுதினேன், அவருடைய முதலாளியும் காப்பியில் இருந்தார். ஆள், வினை எல்லாம் பளிச்சென்று இருந்தது. அந்த மனிதர் அப்புறம் என் போனையே எடுக்கவில்லை. பிறகு பார்த்தால் பழைய ரேட் ஷீட்டை அனுப்பியதே எங்கள் ஆபீஸ்தான். "பில்லில் ரேட் மாறியுள்ளது" என்று எழுதியிருந்தால் இந்த வம்பே வந்திருக்காது.

பொன்னி:
அந்த இடத்தில் நானும் "மாறியுள்ளது" என்றுதான் எழுதுவேன், ஏனென்றால் யார் மாற்றினார் என்று உங்களுக்கு அப்போது தெரியாது. தெரியாததைத் தெரிந்த மாதிரி எழுதக் கூடாது. ஆனால் அடுத்த வரி, "திங்கட்கிழமைக்குள் புதிய பில்லை அனுப்புங்கள்", அதில் ஆள் இருந்தே ஆக வேண்டும். நடந்து முடிந்த தவற்றில் ஆளை விடலாம், இனி நடக்க வேண்டியதில் விடக் கூடாது. தவறு என்னுடையது என்றால் மட்டும் "நான் மாற்றி அனுப்பிவிட்டேன்" என்று எழுதிவிடுவேன்.

பழைய ஃபைல்:
அப்படியானால் அடுத்தவர் தவற்றுக்கு ஆளை மறைக்கச் செயப்பாட்டு வினை நல்லது என்கிறீர்கள். இதைத்தான் நான் முதலிலேயே மரியாதை என்றேன்.

வரவுசெலவு:
எனக்கு அதிலும் திருப்தி இல்லை ஐயா. மூன்றாவது முறையும் அதே ஆள் அதே தவற்றைச் செய்தால்? அப்போதும் "மாறியுள்ளது" என்றே எழுதிக்கொண்டிருக்க முடியுமா?

நூல்கண்டு:
மெயிலை மாற்றி அனுப்பினேன், "எங்கள் வண்டி" என்றுதான். பட்டறைக்காரர் உடனே போன் செய்து, வியாழன் முடியாது, வெள்ளி மதியம் தருகிறேன் என்றார். ஸ்டோரில் துணியை ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். வரவுசெலவு அக்கா கேட்டது எனக்கும் தெரிய வேண்டும், இந்தப் பட்டறையில் ஷேட் மாறுவது இது இரண்டாவது தடவை.